போர்ட் திறக்காமல் வீட்டு நாஸுக்குள் போவது எப்படி?

திருமணப் புகைப்படக்காரர் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். வீடு மதுரையில். மாடி அறையில், ரூட்டருக்குப் பக்கத்தில், இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சைனாலஜி நாஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாஸ் என்றால் வேறொன்றுமில்லை. வீட்டு வைஃபையில் எந்நேரமும் விழித்திருக்கும், கோப்புகளைச் சேமிப்பதற்கென்றே உள்ள சின்னக் கணினி. பல வருடத்துக் கல்யாணங்கள் அதற்குள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும்வரை எல்லாம் சுகம். ஆனால் மனிதர் வாரத்தில் பாதி நாள் காரைக்குடியிலோ தேனியிலோ ஏதாவது ஒரு மண்டபத்தில் இருப்பார். படங்களைச் சரிசெய்து தரும் உதவியாளர் திண்டுக்கல்லில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த மாடி அறைப் பெட்டி வெளியூரிலிருந்து எட்ட வேண்டும்.

இதற்கு யூடியூபில் கிடைக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற இடத்தில் 5000, 5001 என்ற இரண்டு எண்களை நாஸுக்குத் திருப்பிவிடச் சொல்வார்கள். சைனாலஜியின் லாகின் பக்கம் வழக்கமாகக் காத்திருக்கும் எண்கள் அவை. அதன்பின் வீட்டு ஐபி முகவரியை எங்கிருந்து தட்டினாலும் லாகின் பக்கம் வரும். புகைப்படக்காரருக்கு மட்டும் வராது, தட்டுகிற எவருக்கும் வரும். சிக்கல் அதுதான்.

‘என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று பலர் நினைக்கிறார்கள். தெரிய வேண்டியதே இல்லை. பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டது. இப்படித் தேடி வைத்த பட்டியலை யாரும் தேடிப் பார்க்கும்படி தரும் ஷோடான் போன்ற தளங்களும் இருக்கின்றன. திறந்து வைத்த நாஸின் பதிவேட்டைப் பார்த்தால், ‘admin’ என்ற பெயரில் யார் யாரோ நாள் முழுக்க பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

பாஸ்வேர்ட் வலுவாக இருந்தால் போதாதா? 2022 ஜனவரியில் க்யூநேப் நிறுவனத்தின் நாஸ் வைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பதில் கிடைத்தது. டெட்போல்ட் என்ற கும்பல் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே புகுந்தது. யாருடைய பாஸ்வேர்டும் அதற்குத் தேவைப்படவில்லை. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பெயருக்குப் பின்னால் ‘.deadbolt’ என்ற ஒட்டுடன் நின்றன. லாகின் பக்கம் இருந்த இடத்தில் 0.03 பிட்காயின் கேட்கும் மிரட்டல் பக்கம் உட்கார்ந்திருந்தது. க்யூநேப் அப்போது வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், நாஸில் யூபிஎன்பியை அணையுங்கள் என்பதுதான். அதே வருடம் அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் அந்தக் கும்பலையே ஏமாற்றியது: பணம் செலுத்துவதுபோல் செலுத்தி, திறவுகோல் கைக்கு வந்ததும், பரிவர்த்தனை உறுதியாகும் முன்பே பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு 155 திறவுகோல்களை வாங்கிவிட்டது. ரசிக்கத்தக்க வேலைதான். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆக, லாகின் பக்கம் எவ்வளவு வலுவானது என்பதைவிட, அந்தப் பக்கம் அந்நியர் கண்ணில் படுகிறதா என்பதே முதல் கேள்வி. படவில்லை என்றால் அதில் நாளைக்குக் கண்டுபிடிக்கப்படப்போகும் ஓட்டையும் வெளியிலிருந்து எட்டாது.

நம் புகைப்படக்காரருக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அவர் போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது. இந்தியாவில் வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியான பொது முகவரி கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் ‘WAN IP’ என்று ஒரு எண் இருக்கும். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், நீங்கள் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 2012-லேயே இதற்கென ஒதுக்கிவைத்த எண் வரிசை அது. அப்படி இருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரூட்டர்வரைகூட வராது. போர்ட் ஃபார்வர்டிங்கில் பல ராத்திரி மல்லாடித் தோற்றவர்களில் நிறையப் பேருக்குத் தடை இங்கேதான் இருந்தது.

இனி வழிக்கு வருவோம். ரூட்டர் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. வெளியே போவதைத் தடுப்பதில்லை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் போலத்தான். முன்பின் தெரியாதவர் வந்து நின்றால் விடமாட்டார். ஆனால் மூன்றாவது மாடிக்காரர் சாப்பாடு ஆர்டர் செய்ததாகத் தெரிந்தால், கொண்டுவருபவரை மேலே அனுப்புவார். உள்ளிருந்து கிளம்பிய கேள்விக்கு வரும் பதிலை மட்டும் விடுவது அவர் வழக்கம். அப்படியானால் நாஸும் சரி, காரைக்குடியில் இருக்கும் லேப்டாப்பும் சரி, இரண்டுமே ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று வெளியே பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? இரு பக்கத்து வாட்ச்மேன்களும், வருவது தங்கள் வீட்டுக்காரர் கேட்ட பதில் என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். எந்தப் பக்கமும் எதையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். கனடாவின் டொரான்டோவில் 2019-ல் தொடங்கிய நிறுவனம் அது. சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் நாஸ், போன், லேப்டாப் மூன்றும் அதன் சேவையகத்தோடு பேசி, ‘இப்போது நான் இந்த முகவரியில் இருக்கிறேன்’ என்று சொல்லிவைக்கும். சேவையகம் ஒவ்வொன்றுக்கும் மற்றவை இருக்கும் இடத்தைச் சொல்லும். பிறகு சாதனங்கள் தமக்குள் நேரடியாக, வயர்கார்டு என்ற குறியாக்க முறையில் பேசிக்கொள்கின்றன. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு 2020-ல் லினக்ஸின் மையத்திலேயே சேர்க்கப்பட்டது. பூட்டைத் திறக்கும் ரகசிய சாவி அந்தந்தச் சாதனத்தைவிட்டு வெளியே போவதில்லை. ஆகவே நடுவில் இருக்கும் நிறுவனத்தால் கோப்புகளைப் படிக்க முடியாது. யார் யார் இந்தக் குழுவில் இருக்கலாம் என்ற பட்டியல் மட்டும் அதன் கையில் இருக்கிறது. அதுகூட வேண்டாம் என்பவர்களுக்கு, அந்தச் சேவையகத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மென்பொருள் உண்டு. புகைப்படக்காரருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து.

அமைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அதற்கு முன், பழையதைத் துடைக்க வேண்டும். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து, நாஸ் பெயரில் இருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும். பிறகு யூபிஎன்பி. இது வீட்டுக்குள் இருக்கும் எந்தப் பெட்டியும் உங்களைக் கேட்காமல் ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் வசதி. பல ரூட்டர்களில் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே ‘ஆன்’ நிலையில் இருக்கும். அதை ரூட்டரிலும் அணைக்க வேண்டும், நாஸிலும் அணைக்க வேண்டும். சைனாலஜியில் ‘External Access’ என்ற பகுதிக்குள் ‘Router Configuration’ என்று ஒரு தாவல் இருக்கும். அங்கே விதிகள் ஏதும் இருந்தால் நீக்குங்கள். ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். புதிய வகை முகவரியில் வீட்டின் ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் எண் கிடைக்கிறது. அந்த ஃபயர்வால் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. ‘நெட் வேகமாகும்’ என்று அதை அணைக்கச் சொல்லும் அறிவுரையும் இணையத்தில் திரிகிறது.

அதன்பின் நாஸின் ‘Package Center’-ல் Tailscale என்று தேடி நிறுவ வேண்டும். திறந்ததும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போகச் சொல்லும். இங்கே ஒரு நிமிடம் நிதானியுங்கள். இதுவரை நாஸின் பாஸ்வேர்ட் காத்த வாசலை இனி இந்த மின்னஞ்சல் கணக்கு காக்கப்போகிறது. அந்தக் கணக்கைப் பிடித்தவர் தன் லேப்டாப்பையும் உங்கள் குழுவில் சேர்த்துவிடலாம். எனவே அதில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்; கடையில் பில் போடும் கணினியில் எப்போதும் திறந்து கிடக்கும் கணக்காக அது இருக்கக் கூடாது.

உள்ளே போனதும் நாஸுக்கு 100 என்று தொடங்கும் ஒரு புது முகவரி கிடைக்கும், உதாரணத்துக்கு 100.101.102.103 என்று வைத்துக்கொள்வோம். போனிலும் லேப்டாப்பிலும் அதே செயலியை நிறுவி, அதே கணக்கில் நுழைந்தால் அவையும் குழுவில் சேர்ந்துவிடும். பரிசோதனையை வீட்டு வைஃபையில் செய்தால் எதுவும் நிரூபணமாகாது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், பிரவுசரில் இப்படித் தட்ட வேண்டும்:

```
http://100.101.102.103:5000
```

நாஸின் லாகின் பக்கம் வரும். இப்போது டெயில்ஸ்கேல் செயலியை அணைத்துவிட்டு அதே முகவரியை மறுபடி தட்டுங்கள். பக்கம் வரக் கூடாது. இந்த இரண்டாவது பரிசோதனையைப் பலர் செய்வதில்லை. ஆனால் அதுதான் முக்கியம். முடிந்தால் வீட்டின் பொது முகவரியையும் தட்டிப் பாருங்கள். அதுவும் ஊமையாக இருக்க வேண்டும். ‘http’ என்று இருக்கிறதே, பாதுகாப்பில்லையே என்று பிரவுசர் முணுமுணுக்கும். அந்தப் போக்குவரத்து முழுக்க வயர்கார்டின் குறியாக்கத்துக்குள்தான் போகிறது என்பது அதற்குத் தெரியாது. விண்டோஸ் லேப்டாப்பில் வீட்டில் திறப்பதுபோலவே ஃபோல்டராகத் திறக்க வேண்டுமென்றால், முகவரிப் பட்டையில் இப்படி எழுதலாம். ‘Kalyanam’ என்பது நாஸில் உள்ள பகிர்வு ஃபோல்டரின் பெயர்:

```
\\100.101.102.103\kalyanam
```

காரைக்குடி மண்டபத்தில் ஒருநாள் எல்லாம் வரும், ஆனால் இழுக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்: சில மொபைல் நெட்வொர்க்குகளும் ஹோட்டல் வைஃபைகளும் நான் மேலே சொன்ன நேரடிப் பேச்சுக்கு இடம் கொடுப்பதில்லை. அப்போது டெயில்ஸ்கேல் தன் இடைநிலைச் சேவையகம் வழியாகப் போக்குவரத்தைத் திருப்பிவிடும். குறியாக்கம் அப்படியே இருக்கும், வேகம் குறையும். லேப்டாப்பில் ஒரு கட்டளையில் இது தெரிந்துவிடும். இங்கே ‘nas’ என்பது குழுவில் அந்தப் பெட்டிக்கு நாம் வைத்த பெயர்:

```
tailscale ping nas
```

பதிலில் ‘via DERP(blr)’ என்று இருந்தால் பெங்களூரில் உள்ள இடைநிலைச் சேவையகம் வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள். முதல் ஒன்றிரண்டு பதில்கள் அப்படி வந்து, பிறகு ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் தெரிந்தால் நேரடிப் பாதை கிடைத்துவிட்டது. கடைசிவரை DERP என்றே வந்தால் ஹோட்டல் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். வீட்டு இணைப்பு, மொபைல் இரண்டிலும் ஐபிவி6 இருந்தால் பெரும்பாலும் நேரடிப் பாதை அமைந்துவிடும்.

நேரடிப் பாதையிலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் 1,500 ரா படங்கள், படம் ஒன்றுக்கு 30 எம்பி என்றால் மொத்தம் 45 ஜிபி. வீட்டு இணைப்பு வெளியே அனுப்பும் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றால் உதவியாளர் அதைத் திண்டுக்கல்லில் இறக்கிக்கொள்ளக் குறைந்தது ஒரு மணி நேரம். ‘100 எம்பிபிஎஸ் பிளான்’ என்று விற்பதில் சில, உள்ளே வரும் வேகத்தை மட்டும்தான் சொல்கின்றன என்பதால் அனுப்பும் வேகத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மண்டபத்திலிருந்து மொபைலில் 10 எம்பிபிஎஸ் அனுப்பும் வேகம் கிடைத்தால் அதே 45 ஜிபி வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்து மணி நேரம் ஆகும். அதனால் அங்கிருந்து, தேர்ந்தெடுத்த 200 ஜேபெக் படங்களை மட்டும், ஒன்று 8 எம்பி வீதம், அனுப்புவது புத்தி. இருபது நிமிடச் சொச்சத்தில் முடியும். மெமரி கார்டு பையிலேயே வீடு திரும்பட்டும்.

உதவியாளரை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புகைப்படக்காரர் தன் கூகுள் பாஸ்வேர்டையே அவரிடம் கொடுத்துவிடுவார். அது வேண்டாம். டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் நாஸுக்கு எதிரே ‘Share’ என்று இருக்கும். அதில் ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்பினால், உதவியாளர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து அந்த நாஸை மட்டும் பார்ப்பார். போனோ லேப்டாப்போ அவர் கண்ணுக்குத் தெரியாது. நாஸுக்குள்ளும் அவருக்குத் தனிப் பயனர் பெயர் வைத்து, அன்றைய வேலை இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனாலோ, லேப்டாப்பைப் பேருந்தில் தவறவிட்டாலோ, நிர்வாகப் பக்கத்தில் பகிர்வை ரத்து செய்தால் போதும். மற்ற யாரும் பாஸ்வேர்ட் மாற்றத் தேவையில்லை.

இப்படி அனுமதியைச் சுருக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த ஏற்பாடு அந்நியரைத்தான் தடுக்கும். குழுவில் உள்ள லேப்டாப் ஒன்றில் ரான்சம்வேர் புகுந்துவிட்டால், அந்த லேப்டாப் வீட்டுக்குள் இருப்பதாகவே நாஸ் நினைக்கும். எழுத அனுமதியுள்ள ஃபோல்டர்கள் எல்லாம் போய்விடும். பழைய கல்யாணங்களைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபோல்டருக்கு மாற்றிவிடலாம். நாஸ் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்திருந்தால், சைனாலஜியின் ‘Snapshot Replication’ என்ற வசதியில் தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லலாம். கோப்புகள் கெட்டுப்போனால் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பலாம். அதையும் சேர்த்து அழிக்க நிர்வாகிக் கணக்கு வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கில் நுழையக் கூடாது என்று சொல்வது அதனால்தான். பெட்டியே எரிந்துபோனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும் என்பதால், வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.

சைனாலஜியே தரும் குயிக்கனெக்ட் போதாதா என்று கேட்பார்கள். அதற்கும் போர்ட் திறக்க வேண்டியதில்லை, அமைப்பதும் எளிது. ஆனால் நீங்கள் வைத்த பெயரை ஊகித்து, பிரவுசரில் தட்டும் எவருக்கும் உங்கள் லாகின் பக்கம் வந்து நிற்கும். வீட்டில் வயதானவர்கள் போனில் படம் பார்க்க மட்டும் என்றால், இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு அதை ஏற்கலாம். தொழிலின் முழுச் சேமிப்புக்கும் நான் அதை வைக்கமாட்டேன். டெயில்ஸ்கேலிலேயே ஃபனல் என்று ஒரு வசதி இருக்கிறது. அதுவும் உங்கள் பெட்டியில் உள்ள ஒரு சேவையைப் பொது இணையத்தின் முன் நிறுத்தும். அதை இயக்கினால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீண். பொது முகவரி உள்ளவர்கள் நடு நிறுவனமே இல்லாமல், வயர்கார்டை நேராக ரூட்டரில் அமைத்து ஒரே ஒரு போர்ட்டைத் திறக்கலாம். சரியான சாவி இல்லாத கேள்விக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது என்பதால், துழாவுகிறவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. திறந்தாலும் ஆபத்து குறைவான போர்ட் என்று சொல்வதென்றால் அதைச் சொல்லலாம்.

அமைத்து ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். பிறகு ஒரு முகூர்த்த நாளில் நாஸ் கிடைக்காது. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு சாதனத்தின் சாவியும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். மறுபடி லாகின் செய்ய வேண்டும். போனுக்கு அது நல்ல பழக்கம். மாடி அறையில் ஆளில்லாமல் ஓடும் நாஸுக்கு அது சரிவராது. நிர்வாகப் பக்கத்தில் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் ‘Disable key expiry’ என்று கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு காரணம் மின்வெட்டு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ரூட்டர் தானாக எழுந்துவிடும்; நாஸ் எழவேண்டுமென்றால் ‘Hardware & Power’ பகுதியில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கச் சொல்லும் பெட்டியில் டிக் போட்டிருக்க வேண்டும். அதைப் போட்டபின், நாஸை முறையாக நிறுத்தி, மின்சாரத்தை எடுத்து மாட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: நீங்களே நிறுத்திய பெட்டி பெரும்பாலும் எழாமல் கிடக்கும், அந்த அமைப்பு எதிர்பாராத மின்வெட்டுக்கானது. ஓடும் நாஸின் கரண்டைப் பிடுங்கிச் சோதிப்பதும் ஹார்ட் டிஸ்குக்கு நல்லதல்ல. சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி, அதன் யூஎஸ்பி கம்பியை நாஸில் சொருகிவிட்டால், பேட்டரி தீரும் முன் நாஸ் தன்னைப் பத்திரமாக நிறுத்திக்கொள்ளும். கரண்ட் வந்ததும் எழும். ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். அடுத்து ஏரியாவில் கரண்ட் போகும் நாளில், போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றி டெயில்ஸ்கேல் பட்டியலில் நாஸுக்கு எதிரே பச்சைப் புள்ளி திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், காரைக்குடியில் நிற்கும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று தெரிந்திருக்கும்.